ஸ்கோப்பாவா, எஸ்கோபாவா, பாசூரா? மேசையைத் துடைக்கும் சீட்டாட்டங்களில் எதைக் கற்பது

இத்தாலிய மொழியில் ‘ஸ்கோப்பா’ என்றால் துடைப்பம். ஸ்பானிய மொழியில் ‘எஸ்கோபா’வும் துடைப்பம்தான். மேசையில் முகம் காட்டிக் கிடக்கும் சீட்டுகளைக் கையிலுள்ள ஒரு சீட்டால் மொத்தமாக அள்ளி மேசையைக் காலியாக்கினால், அது ஒரு துடைப்பு. அதற்கு உடனே ஒரு புள்ளி. ஈரானில் ஆடும் பாசூர், எகிப்திலும் லெபனானிலும் ஆடும் பஸ்ரா, ஆங்கிலம் பேசும் நாடுகளின் கசீனோ எல்லாம் இந்த வகையில் வருபவை. ரம்மியிலும் இருபத்தெட்டிலும் பழகியவர் இவற்றில் ஒன்றைக் கற்க நினைத்தால், பெயர்கள் மட்டும் வேறு, ஆட்டம் ஒன்றுதான் என்று முதலில் தோன்றும். அப்படியில்லை. சீட்டை எப்படி அள்ளலாம் என்ற ஒரே ஒரு விதி மாறும்போது, எந்தச் சீட்டை மேசையில் விட்டுவைப்பது ஆபத்து என்பதே தலைகீழாகிவிடுகிறது. எதைக் கற்பது என்று முடிவுசெய்ய அந்த விதியைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

முதலில் கட்டு. ஸ்கோப்பாவும் எஸ்கோபாவும் 40 சீட்டில் ஆடுபவை. இத்தாலியக் கட்டில் நாணயம், கோப்பை, வாள், தடி என்று நான்கு இனங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 7 வரை எண்கள், அதன்மேல் மூன்று படச்சீட்டுகள். படங்களுக்கு 8, 9, 10 என்று மதிப்பு. வீட்டில் இருக்கும் 52 சீட்டுக் கட்டில் ஆட, 8, 9, 10 சீட்டுகளை எடுத்துவிட்டு ஜாக்கியை 8, ராணியை 9, ராஜாவை 10 என்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு: புதிதாக ஆடுபவர் ஜாக்கியை 11 என்றோ 10 என்றோ நினைத்துக் கூட்டிவிடுவார். அதைவிட எளிய வழி, படச்சீட்டு பன்னிரண்டையும் எடுத்துவிட்டு ஏஸ் முதல் 10 வரை வைத்து ஆடுவது. மதிப்பு சீட்டிலேயே அச்சாகி இருப்பதால் குழப்பமே வராது, கணக்கும் துளிகூட மாறாது. நாணய இனத்துக்குப் பதில் டைமன். பாசூருக்கும் கசீனோவுக்கும் 52 சீட்டும் வேண்டும், எதையும் பிரித்தெடுக்க வேண்டியதில்லை.

ஸ்கோப்பாவில் ஆளுக்கு 3 சீட்டு, மேசையில் 4 சீட்டு. கையிலிருந்து ஒரு சீட்டை இறக்குகிறீர்கள். அதே மதிப்புள்ள சீட்டு மேசையில் இருந்தால் அதை எடுக்கலாம்; இல்லாவிட்டால், கூட்டினால் அந்த மதிப்பு வரும் சீட்டுகளை எடுக்கலாம். இறக்கிய 8க்கு, மேசையில் கிடக்கும் 3-ம் 5-ம் கிடைக்கும். எதுவும் பொருந்தாவிட்டால் இறக்கிய சீட்டு மேசையிலேயே கிடக்கும். கை காலியானதும் மறுபடி மூன்று மூன்றாகப் போடுவார்கள். இருவர் ஆடினால் ஆறு முறை போட்டதும் கட்டு தீர்ந்துவிடும். கடைசியில் மேசையில் எஞ்சுவது, இறுதியாக அள்ளியவருக்குச் சேரும். ஆனால் கட்டின் கடைசிச் சீட்டால் மேசை காலியானால் அதைத் துடைப்பாக எண்ணுவதில்லை.

தகராறு அதிகம் வருவது ஒரே இடத்தில்தான். மேசையில் 3, 5, 8 கிடக்கின்றன. நீங்கள் 8 இறக்குகிறீர்கள். 3-ஐயும் 5-ஐயும் சேர்த்து எடுக்க மனம் துடிக்கும், இரண்டு சீட்டு கிடைக்குமே! ஆனால் ஒற்றைச் சீட்டாகவே பொருந்தும் 8 இருக்கும்போது அதைத்தான் எடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடாவிட்டால் நடு ஆட்டத்தில் சண்டைதான். இன்னொன்று: முதலில் விரித்த நான்கில் மூன்று 10 விழுந்துவிட்டால் சீட்டைத் திரும்பக் கலைத்துப் போட வேண்டும். 10-ஐ இன்னொரு 10-ஆல் மட்டுமே எடுக்க முடியும். வெளியே இருப்பது ஒன்றே ஒன்று என்பதால், குறைந்தது இரண்டு 10 கடைசிவரை மேசையிலேயே கிடக்கும். அந்தக் கட்டு முடியும்வரை யாராலும் துடைக்க முடியாது.

எஸ்கோபாவின் முழுப்பெயர் ‘எஸ்கோபா தெ கின்சே’. கின்சே என்றால் பதினைந்து. இங்கே சமமான சீட்டைத் தேடுவதில்லை. இறக்கும் சீட்டும் மேசையில் எடுக்கும் சீட்டுகளும் சேர்ந்து சரியாக 15 வர வேண்டும். பாசூரில் அதே முறைதான், கூட்டுத்தொகை மட்டும் 11. ராஜா ராஜாவையும் ராணி ராணியையும் மட்டும் எடுக்கும். ஜாக்கி இறங்கினால் ராஜா, ராணி தவிர மேசையிலுள்ள அனைத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். கசீனோவில் ஸ்கோப்பாவைப் போலச் சமமான சீட்டும் கூட்டுத்தொகையும். ஆனால் ஒரே சீட்டால் பல தொகுதிகளை ஒருசேர எடுக்கலாம். மேசையில் 6, 4, 7, 3 கிடந்தால், ஒரு 10 நான்கையும் அள்ளும்: ஆறும் நான்கும் ஒரு தொகுதி, ஏழும் மூன்றும் இன்னொன்று.

இனி இந்த விதிகள் மேசையை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்போம். ஸ்கோப்பாவில் ஒருவர் துடைக்க வேண்டுமானால் மேசையின் மொத்தக் கூட்டுத்தொகை ஒரே சீட்டின் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். கட்டிலேயே பெரியது 10. ஆகவே மேசையில் 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் யாராலும் துடைக்க முடியாது. 10-ம் அதற்குக் கீழும் போனால் ஆபத்து. எதிராளிக்கு மேசையைக் கனமாக விட்டுவை என்பதே ஸ்கோப்பாவின் முதல் பாடம்.

எஸ்கோபாவில் துடைக்கத் தேவையான சீட்டு, 15-லிருந்து மேசையின் மொத்தத்தைக் கழித்தால் வருவது. அது 1 முதல் 10-க்குள் இருக்க வேண்டும். அதாவது மேசையில் 5 முதல் 14 வரை இருந்தால்தான் ஆபத்து. 15-க்கு மேல் போனால் பாதுகாப்பு என்பது ஸ்கோப்பா ஆடியவருக்குப் புரியும். புரியாதது அடுத்தது: மேசையில் 4-ம் அதற்குக் குறைவும் இருந்தாலும் பாதுகாப்புதான். தனியாகக் கிடக்கும் ஒரு ஏஸை ஸ்கோப்பாவில் விட்டுவைப்பது எதிராளிக்கு விருந்து. எஸ்கோபாவில் அதைவிடப் பத்திரமான மேசை கிடையாது. துடைக்க 14 மதிப்புள்ள சீட்டு வேண்டும், அப்படி ஒன்று கட்டிலேயே இல்லை. ஸ்கோப்பாவில் தேறியவர் எஸ்கோபாவுக்கு வந்ததும் முதல் சில ஆட்டங்களில் தோற்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பழக்கமே காரணம்.

ஒரே நிலையை மூன்று ஆட்டத்திலும் வைத்துப் பார்க்கலாம். மேசையில் 2, 5, 6. உங்கள் கையில் 4, 7, 8. எதிராளியிடம் இரண்டு சீட்டு.

ஸ்கோப்பாவாக இருந்தால், 7-ஐ இறக்கி 2-ஐயும் 5-ஐயும் எடுக்கலாம். மேசையில் 6 மட்டும் மிஞ்சும். 8-ஐ இறக்கி 2-ஐயும் 6-ஐயும் எடுக்கலாம், 5 மிஞ்சும். 4-க்கு எதுவும் கிடைக்காது, ஆனால் அதை வைத்துவிட்டால் மேசையில் 17 ஆகிவிடும், துடைக்கும் ஆபத்தே இல்லை. பயந்தவர் 4-ஐ வைப்பார். அது சரிதானா? கட்டின் தொடக்கம் என்றும், எதிராளி ஏஸால் ஏஸை எடுத்துவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் கண்டவை 8 சீட்டு, காணாதவை 32. அவற்றில் மூன்று 6 இருக்கின்றன. எதிராளி கையிலுள்ள இரண்டில் ஒன்றாவது 6 ஆக இருக்கும் வாய்ப்பு 100-க்கு ஏறக்குறைய 18. மீதி 82 தடவை அவரிடம் 6 இருக்காது. அப்போது அவரால் எதையும் எடுக்க முடியாமல் ஒரு சீட்டை மேசையில் வைத்தாக வேண்டும். அது 2 ஆக இருந்தால் உங்கள் 8 அந்த இரண்டையும் துடைத்துவிடும். இதற்கிடையில் ஒரு 7 உங்கள் குவியலில் சேர்ந்துவிட்டது. ஏழுகளின் அருமை கீழே புள்ளிக் கணக்கில் தெரியும். 7-ஐ இறக்குவதே சரி.

எஸ்கோபாவாக இருந்தால், ஸ்கோப்பாவில் உதவாத அந்த 4-தான் இங்கே கைகொடுக்கிறது. 4-ம் 5-ம் 6-ம் பதினைந்து. இரண்டையும் எடுத்துக்கொண்டால் மேசையில் 2 மட்டும். துடைக்க 13 வேண்டும், இல்லை. அதே இடத்தில் 7-ஐ இறக்கி 2-ஐயும் 6-ஐயும் எடுத்தால் 5 மிஞ்சும், எதிராளியிடம் 10 இருந்தால் துடைப்பார். 8-ஐ இறக்கி 2-ஐயும் 5-ஐயும் எடுத்தால் மிஞ்சும் 6-க்கு ஒரு 9 போதும்.

பாசூராக இருந்தால் 7-ம் 8-ம் ஒன்றையும் பிடிக்காது. 4 மட்டும் 2-ஐயும் 5-ஐயும் சேர்த்து 11 ஆக்கும். மிஞ்சும் 6-க்கு எதிராளியிடம் 5 இருந்தால் உங்களுக்கு நட்டம், பாசூரில் அந்த நட்டம் 5 புள்ளி.

புள்ளி முறைக்கு வருவோம். ஸ்கோப்பாவில் ஒரு கட்டின் முடிவில் நான்கு நிலையான புள்ளிகள்: அதிகச் சீட்டு எடுத்தவருக்கு ஒன்று (இருவர் ஆட்டத்தில் 21 வேண்டும்), அதிக டைமன் எடுத்தவருக்கு ஒன்று, டைமன் 7 வைத்திருப்பவருக்கு ஒன்று, ‘பிரிமியேரா’வுக்கு ஒன்று. சீட்டோ டைமனோ சமமாகப் பிரிந்தால் அந்தப் புள்ளி யாருக்கும் இல்லை. டைமன் 7-க்கு ‘செத்தேபெல்லோ’, அழகிய ஏழு என்று பெயர். துடைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 11 புள்ளி முதலில் சேர்ப்பவர் வெல்வார்.

பிரிமியேராதான் புதியவர்களை விரட்டும் பகுதி. இனத்துக்கு ஒரு சீட்டாக உங்கள் குவியலிலிருந்து சிறந்த நான்கைத் தேர்ந்து கூட்ட வேண்டும், ஆனால் இதற்கு மதிப்பு வேறு: 7-க்கு 21, 6-க்கு 18, ஏஸுக்கு 16, 5-க்கு 15, 4-க்கு 14, 3-க்கு 13, 2-க்கு 12, 8 முதல் 10 வரை உள்ளவற்றுக்கு வெறும் 10. மூன்று 7 எடுத்தவர் கண்டிப்பாக வென்றுவிடுவார் என்று பலரும் நினைத்து எண்ணாமலே விட்டுவிடுவார்கள். அப்படி விடக் கூடாது. உங்களிடம் இஸ்பேடு, ஆட்டின், டைமன் ஏழுகள் இருக்கின்றன. கிளாவரில் கிடைத்ததோ ஒரு 9 மட்டும். 63-உடன் 10 சேர்ந்து 73. எதிராளியிடம் கிளாவர் 7-உம், மற்ற மூன்று இனங்களிலும் 6-உம் இருந்தால் 21-உடன் 54 சேர்ந்து 75. புள்ளி அவருக்கு. பொதுவான விதிப்படி ஓர் இனத்தில் ஒரு சீட்டுகூட இல்லாதவர் பிரிமியேராவில் போட்டியிடவே முடியாது. நான்கு இனமும் கைக்கு வந்துவிட்டதா என்று கட்டின் பாதியிலேயே கவனித்துவிட வேண்டும்.

எஸ்கோபாவில் இந்தக் கணக்கு கிடையாது. பரவலான முறையில் அதிகச் சீட்டு, அதிக டைமன், டைமன் 7, அதிக ஏழுகள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி, துடைப்புக்கு ஒவ்வொன்று. தொடக்கத்தில் விரித்த நான்கு சீட்டும் சேர்ந்து 15 வந்தால் சீட்டுப் போட்டவருக்கே அது துடைப்பு. இரண்டு 15 ஆகப் பிரியும்படி 30 வந்தால் இரண்டு துடைப்பு.

பாசூரில் நிலையான புள்ளி 20. 13 கிளாவரில் 7 எடுத்தவருக்கு 7 புள்ளி, டைமன் 10-க்கு 3, கிளாவர் 2-க்கு 2, ஏஸுக்கும் ஜாக்கிக்கும் ஒவ்வொன்று. துடைப்பை அங்கே ‘சூர்’ என்பார்கள், சூருக்கு 5. எண்கள் பெரிதாகத் தெரிந்தாலும் பங்கைப் பாருங்கள்: ஸ்கோப்பாவில் ஒரு துடைப்பு நிலையான புள்ளியில் கால் பங்கு, பாசூரிலும் கால் பங்கு. பஸ்ராவில் துடைப்புக்கு 10. ஆனால் அதிகச் சீட்டுக்கு மட்டுமே 30 என்பதால் அங்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கசீனோ மட்டும் தனி. அதிகச் சீட்டுக்கு 3, அதிக இஸ்பேடுக்கு 1, டைமன் 10-க்கு 2, இஸ்பேடு 2-க்கு 1, ஏஸ் நான்குக்கும் ஒவ்வொன்று என மொத்தம் 11. துடைப்புக்கு 1 தருவார்கள், பலர் அதையும் தருவதில்லை. மேசையில் ஒரு ராஜா கிடந்தாலே இன்னொரு ராஜா வரும்வரை துடைக்க முடியாது என்பதால் வாய்ப்பும் குறைவு. துடைப்பின் சுவைக்காக வருபவருக்குக் கசீனோ சரிப்படாது. அதன் சுவை வேறு: மேசையில் 3 கிடக்க, கையில் 5-ம் 8-ம் இருந்தால், 5-ஐ அதன்மேல் வைத்து ‘எட்டு கட்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த முறை 8-ஆல் எடுக்கலாம். நடுவில் எதிராளியிடம் 8 இருந்தால் அவர் கொண்டுபோய்விடுவார். ரம்மியில் கை சேர்த்துப் பழகியவருக்கு இந்தக் கட்டுமானம் பிடிக்கும்.

பாசூரின் குறை ஜாக்கி. மேசையைப் பொறுமையாகப் பாதுகாத்துக்கொண்டே வருவீர்கள், எதிராளி ஜாக்கியை இறக்கி எல்லாவற்றையும் வாரிவிடுவார். ஜாக்கியால் வாருவது சூர் ஆகாது என்பது ஒரு தடுப்பு, கடைசிச் சுற்றில் சூர் இல்லை என்பது இன்னொன்று. இருந்தாலும் நான்கு ஜாக்கியில் மூன்று ஒருவருக்கே போய்விட்டால் திறமைக்கு அங்கே வேலை குறைவு. ஸ்கோப்பாவிலும் ஏஸ் அனைத்தையும் அள்ளும் என்று வைத்து ஆடும் வகை உண்டு. முதன்முதலாகக் கற்பவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இருவர் ஆடுவதற்கு நான் எஸ்கோபாவை முன்னால் வைப்பேன். பிரிமியேரா இல்லாததால் கற்பது எளிது என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் அதன் முடிவில் ஒளிந்திருக்கும் கணக்கு. 40 சீட்டின் மொத்த மதிப்பு 220. ஒவ்வொரு முறை அள்ளும்போதும் சரியாக 15 போகிறது. 220-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 10. ஆகவே கடைசியில் மேசையில் எஞ்சுவது 10, 25, 40 என்று இந்த வரிசையில்தான் இருக்க முடியும். 13 எஞ்சினால் யாரோ எங்கோ தவறாக அள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். தவறைக் காட்டிக்கொடுக்கும் தராசு இது.

இதே கணக்கால் எதிராளியின் கடைசிச் சீட்டைப் பார்க்காமலே சொல்லலாம். நீங்கள் சீட்டுப் போட்டவர், கட்டு தீர்ந்துவிட்டது. எதிராளியிடம் ஒரு சீட்டு, உங்களிடம் இரண்டு: ஏஸும் 6-ம். மேசையில் 4, 9. தெரிந்தவற்றைக் கூட்டுங்கள்: 4, 9, 1, 6 சேர்ந்து 20. அவருடைய சீட்டும் சேர்ந்தால் 10, 25, 40 இவற்றில் ஒன்று வர வேண்டும். 25-க்கு 5 தேவை. 40-க்கு 20 தேவை, அப்படிச் சீட்டு இல்லை. அவர் கையில் இருப்பது 5.

இப்போது ஏஸை இறக்கினால் மேசை 4, 9, 1 ஆகும். அவருடைய 5, ஒன்பதையும் ஏஸையும் எடுத்து 15 ஆக்கிவிடும். மீதி 4, அதன்மேல் உங்கள் 6. இறுதியாக அள்ளியவர் என்ற முறையில் அந்த இரண்டும் அவருக்கே. மாறாக 6-ஐ முதலில் இறக்கி 9-ஐ எடுங்கள். மேசையில் 4. அவர் 5-ஐ வைப்பார், வேறு வழியில்லை. நீங்கள் ஏஸை வைக்கிறீர்கள். எஞ்சியது 10, மூன்று சீட்டும் உங்களுடையது. முதலில் ஏஸை இறக்கியிருந்தால் அந்த ஐந்து சீட்டும் அவர் குவியலுக்குப் போயிருக்கும். அதிகச் சீட்டுக்கான புள்ளி இருபதுக்கு இருபது என்று தொங்கும்போது ஆட்டத்தையே தீர்மானிப்பது இதுதான்.

நான்கு பேர் இருந்தால் முடிவு மாறும். அப்போது ஸ்கோப்பாவின் அண்ணனான ஸ்கோப்போனேயை ஆட வேண்டும்: எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ‘ஷியென்டிஃபிகோ’ என்ற வகையில் ஆளுக்கு 10 சீட்டு, மேசையில் எதுவும் இல்லாமல் தொடக்கம். சீட்டெல்லாம் கையில் வந்துவிடுவதால் நடுவில் அதிர்ஷ்டம் நுழைய வழியில்லை, எந்த மதிப்பில் எத்தனை போயிற்று என்ற நினைவுதான் ஆட்டம். ஒவ்வொரு மதிப்பிலும் நான்கு சீட்டு. 5-ஐ 5 எடுத்தால் ஜோடி ஜோடியாகவே குறையும். அப்படியே போனால் கடைசியாக ஆடும், சீட்டுப் போட்டவரின் அணிக்கு வசதி. யாராவது 7-ஆல் 3-ஐயும் 4-ஐயும் எடுத்தால் மூன்று மதிப்பிலும் ஜோடி உடைந்து ஒற்றைப்படை ஆகிவிடும். இத்தாலியர் இதை ‘ஸ்பாரீல்யோ’ என்பார்கள். சீட்டுப் போட்ட அணி அந்த உடைந்த ஜோடிகளைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கும், எதிரணி உடைத்தபடியே இருக்கப் பார்க்கும். இருபத்தெட்டில் எந்தச் சீட்டு இறங்கிவிட்டது என்று மனத்தில் வைத்துப் பழகிய நால்வர் இருந்தால், எஸ்கோபாவை விட்டுவிட்டு நேராக இங்கே வரலாம். அப்போதும் முதல் சில ஆட்டங்களில் 3, 4, 7 ஆகிய மூன்று மதிப்புகளை மட்டும் நினைவில் வைத்து ஆடினால் போதும், எல்லாவற்றையும் எண்ண முயன்றால் ஒன்றும் நிற்காது.